எண்டோமென்ட் பாலிசி வைத்திருப்பவர் டேர்ம் பாலிசி எடுப்பது எப்படி: ஒரு பாலக்கோட்டுக்காரரின் குறிப்புகள்

எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு. வேலை ஓசூர் சிப்காட்டில். 30 வயதில் உறவினர் ஒருவரிடம் 20 ஆண்டு எண்டோமென்ட் பாலிசி ஒன்று எடுத்தேன். வருடத்துக்கு 25,000 ரூபாய் பிரீமியம், 5 லட்சம் காப்பீட்டுத் தொகை. குடும்பத்துக்கு வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியில் நான்கு ஆண்டுகள் கட்டினேன். பிறகு எங்கள் ஷிஃப்டில் வேலை பார்த்த ஒருவர் தொப்பூர் கணவாயில் நடந்த விபத்தில் இறந்தார். அவரும் என்னைப்போலவே ஒரு பாலிசி வைத்திருந்தார். அவர் மனைவிக்கு அதிலிருந்து வந்த பணம் வீட்டுக் கடனில் பாதியைக்கூட அடைக்கவில்லை. அன்று இரவு என் பத்திரத்தை எடுத்து முதல் முறையாக முழுவதும் படித்தேன். அதன்பின், இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசி எடுத்து, பழைய பாலிசிக்கு ஒரு முடிவு கட்டுவதற்குள் இரண்டு மாதங்கள் அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

வரிசையை மாற்றாதீர்கள். புதிய டேர்ம் பாலிசி கைக்கு வரும்வரை பழைய பாலிசியின் பிரீமியத்தை நிறுத்தக் கூடாது. மருத்துவப் பரிசோதனையில் ஏதாவது தெரிந்து புதிய நிறுவனம் மறுத்துவிட்டால், இருந்த சிறிய பாதுகாப்பும் போய்விடும்.

1. உங்கள் பணம் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்

எண்டோமென்ட் பாலிசியில் ஒரே பிரீமியத்துக்குள் மூன்று பகுதிகள் இருக்கின்றன. இறப்புக்கான பாதுகாப்புக்கு ஒரு சிறு பகுதியும், முகவர் கமிஷன் உள்ளிட்ட நிர்வாகச் செலவுக்கு ஒரு பகுதியும் போக, மீதிதான் சேமிப்பு. எந்தப் பகுதி எவ்வளவு என்று பத்திரத்தில் இருக்காது. ஆனால் நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

என் பாலிசியில் காப்பீட்டுத் தொகை ஆயிரத்துக்கு ஆண்டுக்கு 40 ரூபாய் போனஸ் என்று வைத்துக்கொண்டேன். 5 லட்சத்துக்கு ஆண்டுக்கு 20,000. இருபது ஆண்டுக்கு 4 லட்சம். ஆக, முதிர்வில் 9 லட்சம் வரும். கட்டுவது மொத்தம் 5 லட்சம். "கட்டினதுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, மாப்பிள்ளை" என்றுதான் என்னிடமும் சொன்னார்கள். ஆனால் இருபது ஆண்டுகளில் பரவலாகக் கட்டிய பணத்துக்கு இது ஆண்டுக்குச் சுமார் 5.3 சதவீதக் கூட்டு வட்டிதான். இந்தப் போனஸ், முதல் ஆண்டு போனஸுக்கே இரண்டாம் ஆண்டு போனஸ் சேரும் வகையைச் சேர்ந்ததும் அல்ல; ஒவ்வோர் ஆண்டும் காப்பீட்டுத் தொகைமீது மட்டும் கணக்கிட்டு ஓரமாக எழுதி வைப்பது. பணம் கைக்கு வருவது கடைசியில்தான்.

இதே பாதுகாப்பையும் சேமிப்பையும் பிரித்துப் பாருங்கள். என் வயதில் 5 லட்சத்துக்கு வெறும் இறப்புக் காப்பீட்டின் விலை ஆண்டுக்கு 1,500 ரூபாய்க்கு மேல் போகாது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மீதி 23,500 ரூபாயை அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டமான பிபிஎஃப் கணக்கில் 7.1 சதவீதத்தில் இருபது ஆண்டு போட்டால் ஏறக்குறைய 10 லட்சத்து 40 ஆயிரம் வருகிறது. பாதுகாப்பு அதே 5 லட்சம். முதிர்வில் கிடைப்பது 1 லட்சத்து 40 ஆயிரம் கூடுதல். (பிபிஎஃப் வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிவிக்கிறது, 2020 ஏப்ரலிலிருந்து 7.1 ஆக இருந்து வந்தாலும் மாறலாம். எண்டோமென்ட் போனஸும் அப்படித்தான், உறுதி கிடையாது.)

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. சேமிப்போடு ஒட்டிவிட்ட பாதுகாப்பை நமக்குத் தேவைப்படும் அளவுக்குப் பெருக்க முடியாது. 50 லட்சம் பாதுகாப்பு வேண்டும் என்றால் எண்டோமென்ட்டில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கட்ட வேண்டும். என் ஆண்டுச் சம்பளமே 4 லட்சம். அதனால்தான் நம் ஊரில் பெரும்பாலானோர் 3 லட்சம், 5 லட்சம் என்று நின்றுவிடுகிறோம்.

2. எவ்வளவு, எத்தனை வயது வரை

என் வீட்டுச் செலவு மாதம் 20,000, ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். வீட்டுக் கடன் 8 லட்சம். 50 லட்சம் வந்தால் கடனை அடைத்தபின் 42 லட்சம் நிற்கும். அதை 6.5 சதவீத வைப்பில் போட்டால் ஆண்டுக்கு 2 லட்சத்து 73 ஆயிரம் வட்டி. இன்றைய செலவுக்குப் போதும். விலைவாசி ஏறும்போது அசலிலும் கை வைக்க வேண்டியிருக்கும். 75 லட்சம் எடுத்திருந்தால் இன்னும் நல்லது, ஆனால் என் கைக்கு எட்டியது 50.

காலம் 60 வயது வரை போதும். பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கி, கடன் முடியும் வயது அது. 85, 99 வயது வரை என்று விற்கப்படும் பாலிசிகளில் பிரீமியம் வெகுவாகக் கூடுகிறது. அந்த வயதில் நம் வருமானத்தை நம்பி யாரும் இருப்பதில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "டேர்ம்ல போட்டா செத்தாத்தான் பணம், நல்லா இருந்தா ஒரு ரூபா திரும்ப வராது. அதுக்குத்தான் கட்டினதைத் திருப்பிக் கொடுக்கிற டேர்ம் இருக்கு, மாப்பிள்ளை" என்று என் உறவினர் அடுத்த படிவத்தை எடுத்து வைத்தார். பிரீமியம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கூடுதலாகக் கட்டும் பாதியைச் சேமிப்பாகப் பாருங்கள்: இருபத்தாறு ஆண்டு கழித்து அதன் இரண்டு மடங்குதான் திரும்புகிறது, ஆண்டுக்கு ஐந்து சதவீதம்கூட இல்லை. எண்டோமென்ட்டில் ஒட்டியிருந்த அதே இரண்டையும் இங்கே மீண்டும் ஒட்டுகிறார்கள். அவர் மனம் நோகாமல் மறுப்பது கடினமாக இருந்தது; ஆனாலும் மறுத்தேன்.

34 வயதில், புகையிலைப் பழக்கம் இல்லாத எனக்கு 60 வயது வரையான 50 லட்சத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 9,000 ரூபாய் வந்தது. நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும், குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அதற்கு முன் டேர்ம் பாலிசிக்கு 18 சதவீதம் இருந்தது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

3. ஆவணங்கள்: பெயர்தான் முதல் தடை

பான் அட்டை, ஆதார், புகைப்படம், ஆறு மாத வங்கி அறிக்கை, சம்பளக்காரராக இருந்தால் மூன்று மாதச் சம்பளச் சீட்டும் படிவம் 16-உம், மற்றவர்களுக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு. பட்டியல் இவ்வளவுதான். நான் மூன்று வாரம் இழந்தது இவற்றில் ஒன்று இல்லாததால் அல்ல, எல்லாவற்றிலும் என் பெயர் வேறு வேறாக இருந்ததால்.

ஆதாரில் இனிஷியல் ஓரெழுத்தாக முன்னால் இருந்தது. பான் அட்டையில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து பின்னால் நின்றது. வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் பின்னால். நமக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். பான் அட்டையில் உள்ளபடி மற்றவற்றைத் திருத்திக்கொள்வது எளிது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும் என்பதால் எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று, சேவை மைய ஊழியர் திரையில் அடித்ததைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். நாமினியின் ஆதாரையும் இப்போதே பாருங்கள். என் மனைவியின் ஆதாரில் திருமணத்துக்கு முந்தைய இனிஷியலே இருந்தது. நாமினி பெயரை அவர் ஆதாரில் இருப்பதுபோலவே எழுதினால் பின்னால் சிக்கல் வராது.

விவசாயக் குடும்பங்களுக்கு இந்தப் படி இன்னும் கடினம். ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி அனுப்புபவரும், கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவரும் நன்றாகவே சம்பாதிக்கலாம். ஆனால் விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லாததால் கணக்குத் தாக்கல் செய்வதில்லை, அதனால் காட்டுவதற்குத் தாள் இல்லை. என் மைத்துனர் இரண்டு நிறுவனங்களில் இதே காரணத்தால் மறுக்கப்பட்டார். வரி இல்லாவிட்டாலும் விவசாய வருமானத்தைக் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்யத் தொடங்குவதுதான் வழி. இரண்டு, மூன்று ஆண்டுகள் சேர்ந்தபின் கதவு திறக்கும். அதுவரை வங்கியில் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேரலாம். 18 முதல் 50 வயது வரை சேர முடியும், ஆண்டுக்கு 436 ரூபாய், 2 லட்சம் பாதுகாப்பு, வருமானச் சான்று கேட்பதில்லை. சேர்ந்த முதல் 30 நாளில் விபத்தைத் தவிர வேறு காரணத்தால் இறந்தால் பணம் கிடையாது. மே மாதக் கடைசியில் கணக்கில் 436 ரூபாய் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுக்குப் பாதுகாப்பு தொடராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

4. முன்மொழிவுப் படிவம்: நீங்களே நிரப்புங்கள்

முகவர் "கையெழுத்து மட்டும் போடுங்க, மீதியை நான் பார்த்துக்கிறேன்" என்றால் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இழப்பீடு மறுக்கப்படும்போது நிறுவனம் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் இந்தப் படிவத்தைத்தான்.

மூன்று கேள்விகளில் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். முதலாவது, புகையிலை. "சிகரெட் பிடிப்பதில்லை" என்று எழுதிவிட்டு மெல்லும் புகையிலையை மறந்துவிடுகிறார்கள். சிறுநீரில் செய்யும் ஒரு சோதனை இரண்டையும் காட்டிவிடும். இரண்டாவது, ஏற்கெனவே உள்ள பாலிசிகள்: பழைய எண்டோமென்ட்டையும், வேறு எங்காவது மறுக்கப்பட்ட விண்ணப்பத்தையும் எழுத வேண்டும். மூன்றாவது, நோயும் மருந்தும். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிட்டால் மாத்திரையின் பெயரோடு எழுதுங்கள். பிரீமியம் கூடும், ஆனால் பாலிசி நிற்கும். கிரானைட் குவாரியிலோ வெடி சம்பந்தப்பட்ட வேலையிலோ இருப்பவர்கள் தொழிலை வெறுமனே "வியாபாரம்" என்று எழுதக் கூடாது.

காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவின்படி, பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் கடந்தபின் எந்தக் காரணத்தைக் காட்டியும் நிறுவனம் அதைக் கேள்வி கேட்க முடியாது. இதைச் சொல்லி "மூணு வருஷம் தாண்டிட்டா போதும், எழுத வேணாம்" என்று அறிவுரை தருபவர்கள் இருக்கிறார்கள். அந்த மூன்று ஆண்டுக்குள் ஏதாவது நடந்தால் நிற்பது உங்கள் குடும்பம். உண்மையை எழுதுங்கள்.

தொழிற்கடன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் இந்தப் படிவத்தோடு செய்ய வேண்டும். 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் பாலிசி எடுத்தால், அந்தப் பணம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாகிறது. கடன்காரர்கள் அதைப் பிடிக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே இதற்கான படிவத்தைத் தர வேண்டும். பிறகு பயனாளியை மாற்ற முடியாது என்பதையும் யோசித்துச் செய்யுங்கள்.

5. மருத்துவப் பரிசோதனை

செலவு நிறுவனத்துடையது. இரத்தம், சிறுநீர், இசிஜி ஆகியவை வழக்கம். வயதும் தொகையும் கூடினால் டிரெட்மில் சோதனையும் சேரும். ஆய்வகத்திலிருந்து வீட்டுக்கே வந்து இரத்தம் எடுப்பார்கள். இசிஜிக்கு ஓசூர் அல்லது தர்மபுரிக்குப் போக வேண்டியிருக்கலாம்.

நான் இரவு ஷிஃப்ட் முடித்து, தூங்காமல், நேராகப் பரிசோதனைக்குப் போனேன். இரத்த அழுத்தம் கூடுதலாகக் காட்டியது. மறுபரிசோதனை கேட்டார்கள், பன்னிரண்டு நாள் தாமதம். விடுமுறை நாளில், நன்றாகத் தூங்கி எழுந்து, சொன்ன நேரம் வரை சாப்பிடாமல் போங்கள்.

6. பத்திரம் வந்தபின் 30 நாள்

பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். பரிசோதனைச் செலவு, முத்திரைத்தாள் கட்டணம், பாதுகாப்பில் இருந்த நாட்களுக்கான சிறு தொகை ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அதனால் உறையைப் பிரிக்காமல் பீரோவில் வைக்காதீர்கள். பத்திரத்தோடு உங்கள் முன்மொழிவுப் படிவத்தின் நகல் இருக்கும். நீங்கள் எழுதிய பதில்கள்தான் அதில் இருக்கின்றனவா என்று வரி வரியாகப் பாருங்கள். என் நகலில் பிறந்த ஆண்டு தவறாக இருந்தது. ஒரு மின்னஞ்சலும் பான் நகலும் அனுப்பி ஒரு வாரத்தில் திருத்தினேன்.

7. பழைய பாலிசியை என்ன செய்வது

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இது. வேண்டுமென்றேதான் ஏழாவதாக வைத்திருக்கிறேன். கட்டிய பணத்தை மறந்துவிட்டு, இன்றிலிருந்து கட்டப் போவதையும் வரப் போவதையும் மட்டும் பார்க்க வேண்டும்.

கிளை அலுவலகத்தில் இரண்டு எண்களை எழுத்தில் கேளுங்கள்: இன்றே பாலிசியை முடித்துக்கொண்டு சரண்டர் செய்தால் கையில் எவ்வளவு, பிரீமியத்தை நிறுத்தி 'பெய்ட்-அப்' ஆக்கினால் முதிர்வில் எவ்வளவு. நான் கட்டியிருந்தது 1 லட்சம். சரண்டர் மதிப்பு 62,000 என்றார்கள். பெய்ட்-அப் கணக்கு எளிது: இருபதில் நான்கு பங்கு கட்டியிருப்பதால் 5 லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1 லட்சம், அதோடு சேர்ந்த போனஸ் 80,000. ஆக 1 லட்சத்து 80 ஆயிரம், இன்னும் 16 ஆண்டு கழித்து. இனிமேல் போனஸ் சேராது.

62,000 ரூபாயை வாங்கிப் பிபிஎஃப்பில் போட்டால் 16 ஆண்டில் சுமார் 1 லட்சத்து 86 ஆயிரம். ஆகவே சரண்டரும் பெய்ட்-அப்பும் ஏறத்தாழ ஒன்றுதான். கையில் பணம் வந்தால் செலவாகிவிடும் என்று தெரிந்ததால் பெய்ட்-அப்பைத் தேர்ந்தேன்.

மூன்றாவது வழி, தொடர்ந்து கட்டுவது. பெய்ட்-அப்பில் வரும் 1 லட்சத்து 80 ஆயிரத்தைவிடக் கூடுதலாக 7 லட்சத்து 20 ஆயிரம் பெற, இன்னும் 16 முறை 25,000 கட்ட வேண்டும். இது ஆண்டுக்குச் சுமார் 6.6 சதவீதம். தொடக்கத்தில் பார்த்த 5.3-ஐவிட இது ஏன் கூடுதல்? செலவுகளில் பெரும்பகுதி முதல் ஆண்டுகளிலேயே கழிந்துவிட்டது. அந்த நட்டம் ஏற்கெனவே நடந்துவிட்டது. எனவே பாதிக்கு மேல் கட்டியவர்கள், டேர்ம் பிரீமியத்தையும் சேர்த்துக் கட்ட முடிந்தால், பழையதைத் தொடரலாம்; கடைசிச் சில ஆண்டுகளில் சரண்டர் செய்வது பெரும்பாலும் நட்டம். எண்டோமென்ட் எடுத்தவர்கள் எல்லோரும் உடனே சரண்டர் செய்ய வேண்டும் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

என்னால் இரண்டையும் கட்ட முடியாது. அதனால் 25,000-ஐப் பிரித்தேன்: 9,000 டேர்முக்கு, 16,000 பிபிஎஃப்புக்கு. பதினாறு ஆண்டு முடிவில் பிபிஎஃப்பில் சுமார் 4 லட்சத்து 82 ஆயிரம், பெய்ட்-அப்பில் 1 லட்சத்து 80 ஆயிரம், மொத்தம் 6 லட்சத்து 62 ஆயிரம். தொடர்ந்திருந்தால் 9 லட்சம் வந்திருக்கும். குறையும் 2 லட்சத்து 38 ஆயிரம்தான் நான் 50 லட்சம் பாதுகாப்புக்காகக் கொடுக்கும் விலை. நாளையே நான் இறந்தால் பழைய ஏற்பாட்டில் என் மனைவிக்கு 5 லட்சத்து 80 ஆயிரம் கிடைத்திருக்கும். இப்போது டேர்மிலிருந்து மட்டும் 50 லட்சம் கிடைக்கும். இந்த விலையை மனமறிந்தே கொடுக்கிறேன்.

நிறுத்துவதற்கு முன் மூன்றைக் கவனியுங்கள். பெய்ட்-அப் ஆகத் தேவையான ஆண்டுகள் கட்டியாயிற்றா என்று பத்திரத்தில் பாருங்கள்; 2024 அக்டோபருக்குப் பின் வந்த திட்டங்களில் ஓராண்டு போதும், பழையவற்றில் இரண்டு அல்லது மூன்று ஆண்டு. அதற்குள் நிறுத்தினால் கட்டியது முழுவதும் போகும். அடுத்து, வங்கியில் தானாகப் பிடித்தம் செய்யும் உத்தரவை ரத்து செய்யுங்கள். நான் மறந்து, ஒரு பிரீமியம் போனபிறகே விழித்தேன். கடைசியாக, விபத்துக் காப்பு போன்ற இணைப்புகள் நின்றுவிடும் என்பதை அறிந்திருங்கள். சரண்டர் செய்பவர்களுக்கு அசல் பத்திரம், சரண்டர் படிவம், பான், ஆதார், ரத்து செய்த காசோலை ஆகியவை வேண்டும். பத்திரம் தொலைந்திருந்தால் முத்திரைத்தாளில் உறுதிப்பத்திரம் எழுதித் தர வேண்டியிருக்கும், கூடுதலாகச் சில வாரங்கள் ஆகும்.

8. மிச்சப் பணத்தை அதே வாரத்தில் கட்டுங்கள்

பிரித்து வைக்கும் முறை தோற்பது இந்த இடத்தில்தான். பிரீமியம் என்றால் கெடு வரும், கட்டிவிடுவோம். சேமிப்புக்குக் கெடு கிடையாது. அதனால் பிபிஎஃப் கணக்கை அஞ்சலகத்திலோ வங்கியிலோ டேர்ம் பத்திரம் வந்த வாரத்திலேயே தொடங்குங்கள். ஆதார், பான், புகைப்படம், முதல் தவணையாக 500 ரூபாய் போதும். ஆண்டுக்கு அதிகபட்சம் ஒன்றரை லட்சம், காலம் 15 ஆண்டு, வேண்டுமானால் ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். பத்து வயதுக்குக் குறைந்த பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தின் வட்டியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அது பிபிஎஃப்பைவிடக் கூடுதலாக இருந்துவருகிறது.

நான் மாதம் 1,350 ரூபாய் சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி வைத்திருக்கிறேன். தேதியை 3 என்று கொடுத்தேன். பிபிஎஃப்பில் ஐந்தாம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் உள்ள குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. ஆறாம் தேதி கட்டினால் அந்தத் தவணைக்கு ஒரு மாத வட்டி போய்விடும்.